டிமேட் கணக்கு இல்லாமல் தங்கம்: பில்லில் வராத இரண்டாவது கட்டணம்

கேள்வி: சிங்காநல்லூர் உழவர் சந்தையில் கீரை, கத்தரி, வெண்டை கொண்டுவந்து விற்கிறோம். நிலம் ஒன்றரை ஏக்கர், இரண்டு கறவை மாடு. மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்காக மாதம் 2,000 ரூபாய் அளவில் தங்கம் சேர்க்க நினைக்கிறோம். என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன், டிமேட் கணக்குத் திறந்து தங்க இ.டி.எஃப். வாங்கச் சொல்கிறான். ஊரில் இன்சூரன்ஸ் பிடிக்கும் ஒருவர், அந்தக் கணக்கே வேண்டாம், தங்க ஃபண்ட் போதும் என்கிறார். இருவரும் தங்கம் ஒன்றுதான் என்கிறார்கள். அப்படியானால் எதற்கு இரண்டு வழி? எதில் எங்களுக்கு இழப்பு குறைவு?
(வாசகி, சிங்காநல்லூர்)

பதில்: வாசகி எழுதிய கடிதத்தில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. அதில் அவர் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு அப்படியே வருகிறது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன், "சித்தி, இ.டி.எஃப்.தான் செலவு கம்மி. ஃபண்டுல போட்டா ரெண்டு பக்கம் புடிப்பாங்க" என்றிருக்கிறான். இன்சூரன்ஸ்காரர், "அக்கா, ஷேர் மார்க்கெட்டுக் கணக்கெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க, மாசாமாசம் பேங்கே எடுத்துக்கும்" என்றிருக்கிறார். கணவரோ, பங்குச் சந்தையில் பணம் விட்ட ஒரு உறவினரை நினைத்துக்கொண்டு, "அந்தக் கணக்கத் தொறந்து வெச்சா நாளைக்கு வேற எதையாவது வாங்கத் தோணும்" என்று முடித்துவிட்டார்.

மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பையன் சொன்ன இரண்டாவது பிடித்தம் உண்மையாகவே உண்டு. இன்சூரன்ஸ்காரர் சொன்னபடி கணக்கு தேவையில்லை என்பதும் சரி. ஆனால் அந்தப் பிடித்தம் எவ்வளவு என்பதை இருவருமே வாசகியிடம் சொல்லவில்லை. முடிவே அதில்தான் இருக்கிறது.

முதலில் இரண்டு வழி எப்படி வந்தது என்று பார்க்கலாம். இந்தியாவில் முதல் தங்க இ.டி.எஃப். 2007-ல் வந்தது. பெஞ்ச்மார்க் மியூச்சுவல் ஃபண்ட் கொண்டுவந்த 'கோல்டு பீஸ்' அது. நிறுவனம் கைமாறி, பெயர் மாறி, இப்போது நிப்பான் இந்தியாவிடம் இருக்கிறது. இ.டி.எஃப். என்றால், ஃபண்ட் நிறுவனம் 99.5 சதவீதத் தூய்மையுள்ள தங்கக் கட்டிகளை வாங்கிப் பாதுகாப்பகத்தில் வைத்துவிட்டு, அதைச் சின்னச் சின்ன யூனிட்டாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் விடுவது. பங்கை வாங்குவதுபோலவே அந்த யூனிட்டையும் சந்தை நேரத்தில் வாங்க வேண்டும், விற்க வேண்டும். அதனால் வாங்க விற்க ஒரு டிரேடிங் கணக்கும், வாங்கிய யூனிட்டை வைத்துக்கொள்ள ஒரு டிமேட் கணக்கும் வேண்டும்.

இந்தக் கணக்கு இல்லாதவர்கள்தான் நாட்டில் அதிகம். அவர்களுக்காக 2011-ல் இன்னொரு வகை வந்தது. அப்போதைய ரிலையன்ஸ் மியூச்சுவல் ஃபண்ட் 'கோல்டு சேவிங்ஸ் ஃபண்ட்' என்ற பெயரில் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. இதற்குத்தான் 'ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ்' என்று பெயர். இந்த ஃபண்ட் தானாகத் தங்கம் வாங்குவதில்லை. நம்மிடம் பணத்தை வாங்கி, பெரும்பாலும் தன் நிறுவனத்தின் தங்க இ.டி.எஃப். யூனிட்டையே வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்த இ.டி.எஃப்.தான் தங்கக் கட்டி வாங்குகிறது.

உழவர் சந்தையில் கடை போடுபவருக்கு இது எளிதில் விளங்கும். சந்தையில் விற்க அடையாள அட்டை வேண்டும். அட்டை இல்லாதவர், அட்டை உள்ள பங்காளியிடம் காயைக் கொடுத்துவிட்டால் அவர் விற்றுத் தருவார். ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். டிமேட் கணக்குதான் அந்த அட்டை. ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ் வைத்திருக்கும் அட்டையில் நாம் வாங்குகிறோம். இடைத்தரகைத் தவிர்க்க 1999-ல் தொடங்கிய சந்தையில் கடை வைத்திருப்பவர் இந்த இடத்தில் தரகு எவ்வளவு என்று கேட்பது நியாயம்தான்.

ஃபண்டில் சேர பான் கார்டு, ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண், சொந்த வங்கிக் கணக்கு, கே.ஒய்.சி. பதிவு இவ்வளவு போதும். யூனிட்டுகள் ஃபண்ட் நிறுவனத்தின் பதிவேட்டிலேயே ஒரு ஃபோலியோ எண்ணில் நம் பெயரில் இருக்கும். வாங்கும்போது சந்தையில் விலை பேச வேண்டியதில்லை. அன்றைய நாள் முடிவில் கணக்கிடும் யூனிட் மதிப்புக்குத் தருவார்கள். விற்றால் சில வேலை நாள்களில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். பங்குத் தரகர் என்று ஒருவர் நடுவில் வரவே மாட்டார். கணவரின் பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. ஃபோலியோவை வைத்துக்கொண்டு யாராலும் பங்குச் சந்தையில் இன்ட்ராடேயோ ஆப்ஷனோ செய்ய முடியாது.

இனி கட்டணம். இ.டி.எஃப். தங்கத்தைப் பாதுகாக்கவும், காப்பீடு செய்யவும், கணக்குப் பார்க்கவும், தன் நிர்வாகச் செலவுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. இது முதல் அடுக்கு. இந்த இ.டி.எஃப்.பை வாங்கி வைத்திருக்கும் ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸும் தன் நிர்வாகத்துக்கு ஒரு சதவீதக் கணக்கில் எடுக்கிறது. இது இரண்டாவது அடுக்கு. இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 1 சதவீதம் என்ற அளவில் செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும், ஒரே நிறுவனத்திலும் அவ்வப்போது மாறும்.

இந்தக் கட்டணத்துக்குப் பில் வராது. வங்கிக் கணக்கிலிருந்தும் கழியாது. ஒவ்வொரு நாளும் யூனிட் மதிப்பைக் கணக்கிடும்போதே ஆண்டுச் சதவீதத்தில் ஒரு நாள் பங்கை எடுத்துவிட்டு மீதியைத்தான் மதிப்பாகக் காட்டுகிறார்கள். தங்க விலை ஏறும் ஆண்டில் இது தெரியவே தெரியாது. விலை 15 சதவீதம் ஏறியிருக்கும், யூனிட் 14 சதவீதம் ஏறியிருக்கும், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

ஆகவே இதை ரூபாயில் பார்ப்பதைவிடக் கிராமில் பார்ப்பது நல்லது. தங்கம் வட்டி தராது, குட்டி போடாது. அந்தச் செலவுக்கு வேறு வருமானம் இல்லாததால், இருக்கும் தங்கத்திலிருந்து கொஞ்சம் விற்றுத்தான் செலவைக் கட்ட முடியும். அதனால் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் நிற்கும் தங்கம் ஆண்டுதோறும் கொஞ்சம் தேய்கிறது. கோல்டு பீஸ் 2007-ல் ஒரு யூனிட்டுக்கு 1 கிராம் என்று தொடங்கியது. 2019-ல் ஒரு யூனிட்டை நூறாகப் பிரித்தார்கள். கணக்குப்படி ஒரு யூனிட் 0.01 கிராமாக இருக்க வேண்டும், ஆனால் அதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. யாரும் திருடவில்லை. அத்தனை ஆண்டுச் செலவு அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இ.டி.எஃப். ஆண்டுக்கு 0.6 சதவீதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேலே ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ், முகவர் இல்லாமல் நேரடியாகச் சேர்ந்தால் 0.2 சதவீதமும், முகவர் வழியாகச் சேர்ந்தால் 0.5 சதவீதமும் எடுக்கிறது என்று கொள்வோம். குறிப்பிட்ட ஒரு ஃபண்டின் அளவு இது அல்ல, நடப்பில் பார்க்கும் அளவை ஒட்டிய எடுத்துக்காட்டு.

ஒரு பவுன், அதாவது 8 கிராம் தங்கத்துக்கு ஆண்டுத் தேய்மானம் இ.டி.எஃப்.பில் 48 மில்லிகிராம். நேரடி ஃபண்டில் 64 மில்லிகிராம். முகவர் வழி ஃபண்டில் 88 மில்லிகிராம். ஓராண்டுக்குப் பார்த்தால் சுண்டு விரல் நகத்தில் ஒட்டும் அளவு. இனி 5 பவுனை, அதாவது 40 கிராமை, 15 ஆண்டு வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இ.டி.எஃப்.பில் 36.5 கிராம் அளவுக்கு மிஞ்சும். நேரடி ஃபண்டில் 35.5 கிராம் அளவு. முகவர் வழி ஃபண்டில் 34 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இ.டி.எஃப்.புக்கும் நேரடி ஃபண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிராமை ஒட்டி வருகிறது. இ.டி.எஃப்.புக்கும் முகவர் வழி ஃபண்டுக்கும் இரண்டரைக் கிராமுக்கு மேல். அதாவது ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு.

தங்க விலை என்னவாக இருந்தாலும் இந்தக் கிராம் கணக்கு மாறாது. விலை இரண்டு மடங்கானால் போன தங்கத்தின் மதிப்பும் இரண்டு மடங்கு.

இதை மட்டும் பார்த்தால் பையன் சொன்னதே சரி என்று தோன்றும். ஆனால் அவன் 40 கிராமை ஒரே நாளில் வாங்கி வைப்பவரின் கணக்கைப் போடுகிறான். வாசகி மாதம் 2,000 ரூபாய்க்கு வாங்கப்போகிறவர். அவருக்குக் கணக்கு வேறு.

டிமேட் வழியில் சதவீதம் குறைவு. ஆனால் தொட்டதற்கெல்லாம் ஒரு சின்னத் தொகை உண்டு. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தரகுக் கட்டணம். சில தரகு நிறுவனங்கள் இதை வாங்குவதில்லை, சில 20 ரூபாய் போல வாங்குகின்றன. டிமேட் கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் பல இடங்களில் 300 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும். விற்கும்போது டெபாசிட்டரி கட்டணம் ஒரு சில ரூபாய். இதெல்லாம் போட்ட பணம் சிறிதா பெரிதா என்று பார்க்காது. 2,000 ரூபாய்க்கு 20 ரூபாய் என்றால் வாங்கும் அன்றே 1 சதவீதம் போய்விட்டது. நேரடி ஃபண்டின் 0.2 சதவீத இரண்டாவது அடுக்கு, அந்த 1 சதவீதத்தை எட்ட ஐந்து ஆண்டு ஆகும்.

வாசகியின் பத்து ஆண்டை முழுதாகப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க விலை ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 என்றால் பத்து ஆண்டில் 2,40,000 ரூபாய். தொடக்கத்தில் கொஞ்சமாகவும் கடைசியில் முழுதாகவும் இருப்பதால், சராசரியாக 1,20,000 ரூபாய் பத்து ஆண்டு இருந்ததற்குச் சமம். இரண்டாவது அடுக்கு நேரடி ஃபண்டில் ஆண்டுக்கு 240 ரூபாய் வீதம் 2,400 ரூபாய். முகவர் வழியில் 600 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். இ.டி.எஃப்.பை அவரே வாங்கினால் 120 முறைக்கு 20 ரூபாய் வீதம் தரகு மட்டும் 2,400 ரூபாய். டிமேட் ஆண்டுக் கட்டணமும் இருந்தால் அதற்கு மேல் 3,500 ரூபாய் போல. முதல் அடுக்கான 0.6 சதவீதம் எந்த வழியில் போனாலும் போகும், அதை ஒப்பிட வேண்டியதில்லை.

ஆக, மாதாமாதம் சிறுகச் சேர்ப்பவருக்கு நேரடி ஃபண்ட் இ.டி.எஃப்.பைவிட மோசமில்லை. சில நேரம் மலிவு. முகவர் வழி ஃபண்டும், தரகும் ஆண்டுக் கட்டணமும் கொடுத்து இ.டி.எஃப். வாங்குவதும் ஏறத்தாழ ஒரே செலவு. தரகே வாங்காத இடத்தில், ஆண்டுக் கட்டணமும் இல்லாத கணக்கு கிடைத்தால் மட்டும் இ.டி.எஃப். தெளிவாக முந்துகிறது. அப்படிக் கணக்கு உண்டா என்றால் உண்டு. ஒருவர் பெயரில் ஒரே டிமேட் கணக்கு இருந்து, அதில் உள்ளதன் மதிப்பு 4 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 'அடிப்படைச் சேவை டிமேட் கணக்கு' என்ற வகையில் ஆண்டுக் கட்டணம் கிடையாது. 2024 செப்டம்பர் முதல் இந்த வரம்பு. கேட்டு வாங்க வேண்டும்.

விலை ஏறினால் இந்தத் தராசு சாயும். தரகு 20 ரூபாய் 20 ரூபாயாகவே நிற்கும், ஃபண்டின் 0.2 சதவீதம் மட்டும் மதிப்போடு சேர்ந்து ஏறும். சேமிப்பு பெரிதாகப் பெரிதாக ஃபண்டின் இரண்டாவது அடுக்கு கனக்கத் தொடங்கும். சரி, பெரிதானதும் இ.டி.எஃப்.புக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றால், மாற்றுவது என்பது விற்று வாங்குவதுதான். அன்று லாபத்துக்கு வரி வரும். எனவே பழையதை அங்கேயே விட்டுவிட்டு, புதிதாகப் போடுவதை மட்டும் வேறு வழியில் போடுவது நல்லது.

இ.டி.எஃப்.பில் சதவீதத்தில் வராத இன்னொரு செலவும் உண்டு. சந்தையில் வாங்க ஆள் அதிகமாகி விற்க ஆள் குறைந்தால், யூனிட்டின் விலை அதற்குள் இருக்கும் உலோகத்தின் மதிப்பைவிட ஏறிவிடும். 2025 அக்டோபரில் வெள்ளி இ.டி.எஃப்.களில் இது பெரிதாக நடந்தது. சில நிறுவனங்கள் தங்கள் வெள்ளி ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸில் மொத்தமாகப் பணம் வாங்குவதைச் சில காலம் நிறுத்தின. தங்கத்தில் வாங்குபவர் விற்பவர் அதிகம் என்பதால் பெரிய இ.டி.எஃப்.களில் இந்த இடைவெளி சாதாரணமாகச் சின்னது. அதிகம் கைமாறாத சிறிய இ.டி.எஃப்.பை வாங்குபவர், அன்றைய யூனிட் மதிப்பையும் சந்தை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். விரைந்து விற்க வேண்டிய அவசரத்திலும் இதே இடைவெளி கடிக்கும்.

அடுத்து, ஏமாற வாய்ப்புள்ள இடம். ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸின் செலவு விகிதம் என்று விளம்பரத்திலும் செயலியிலும் காட்டும் 0.2 என்ற எண், பெரும்பாலும் இரண்டாவது அடுக்கு மட்டும்தான். இன்னொரு பக்கத்தில் இ.டி.எஃப்.பின் செலவு 0.6 என்று பார்த்துவிட்டு, "ஃபண்டுதானுங்க மலிவு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 0.2 என்பது 0.6-க்கு மேல் வருவது, அதற்குப் பதிலாக வருவது அல்ல. ஃபண்டின் மாதாந்திர அறிக்கைத் தாளில் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். இந்த ஃபண்டின் செலவோடு, அது முதலீடு செய்யும் ஃபண்டுகளின் செலவையும் முதலீட்டாளர் தாங்குகிறார் என்று அதில் எழுதியிருக்கும். அந்த வரி கண்ணில் பட்டால், அந்தத் தாளிலேயே எந்த இ.டி.எஃப்.பை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்ற பெயரையும் பார்க்க வேண்டும். பின்பு அந்த இ.டி.எஃப்.பின் செலவைத் தனியாகப் பார்த்துக் கூட்ட வேண்டும். செலவு விகிதத்தை எல்லா நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது.

கூட்டிப் பார்த்ததும் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஃபண்ட் கடந்த ஐந்து ஆண்டில் ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு தந்தது என்பதை, அதே அறிக்கையில் பக்கத்தில் இருக்கும் உள்நாட்டுத் தங்க விலையின் ஏற்றத்தோடு ஒப்பிட வேண்டும். இடைவெளி நாம் கூட்டிய செலவை ஒட்டி இருந்தால் சரி. அதைவிடக் கூடுதலாக இருந்தால், ஃபண்ட் கையில் ரொக்கம் அதிகம் வைத்திருந்தது, இ.டி.எஃப்.பை நல்ல விலைக்கு வாங்கவில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். செலவு விகிதம் மலிவாகக் காட்டி இந்த இடைவெளி பெரிதாக இருக்கும் ஃபண்டைவிட, செலவு சற்றுக் கூடுதலாக இருந்தும் இடைவெளி சிறியதாக இருப்பதே மேல்.

முகவர் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் முகவர் கமிஷன் இல்லாத 'டைரக்ட் பிளான்' உண்டு. இன்சூரன்ஸ்காரர் தரும் படிவத்தில் சேர்ந்தால் அது 'ரெகுலர் பிளான்'. அவருடைய கமிஷன் அந்தக் கூடுதல் சதவீதத்துக்குள் ஆண்டுதோறும், நாம் அந்த ஃபண்டில் இருக்கும்வரை போகும். அவர் கே.ஒய்.சி. செய்து தந்து, வாரிசு நியமனத்தைச் சரியாக எழுதவைத்து, கைப்பேசி எண் மாறினால் ஓடிவந்து மாற்றித் தருபவர் என்றால் அந்தப் பணம் வீண் அல்ல. கையெழுத்து வாங்கியதோடு மறைந்துவிடுபவர் என்றால் வீண். வாசகியின் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் இருக்கிறான். அவன் உதவினால் நேரடியாகச் சேர முடியும். பையனுக்கு நேரமில்லை என்றாலும் கவலையில்லை. கோவையில் கேம்ஸ், கே.ஃபின்டெக் சேவை மையங்கள் இருக்கின்றன. எந்த ஃபண்ட் என்று தீர்மானித்துவிட்டு, அந்த ஃபண்டுக்கு இரண்டில் எது பதிவாளர் என்று தெரிந்துகொண்டு போனால், காகிதப் படிவத்திலேயே சேரலாம். படிவத்தில் முகவர் எண் கேட்கும் கட்டத்தில் Direct என்று எழுதிவிட வேண்டும். கணக்கு அறிக்கை வந்ததும் ஃபண்டின் பெயரோடு Direct Plan - Growth என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். Regular என்று இருந்தால் அந்த வாரமே கேட்க வேண்டும்.

வரியில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. இ.டி.எஃப்.பை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம். ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸில் அதற்கு 24 மாதம் ஆக வேண்டும். அதற்குள் விற்றால் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்துவிடும். மாதாமாதம் போடும்போது ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித்தனியாக நாள் எண்ண வேண்டும். பத்து ஆண்டு வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் இதற்கும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது, இது விவசாய வருமானத்தில் சேராது. சில ஃபண்டுகளில் சேர்ந்த சில நாளிலோ ஓராண்டுக்குள்ளோ விலகினால் வெளியேறும் கட்டணம் உண்டு. சேரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கைப்பேசிச் செயலிகளில் விற்கும் 'டிஜிட்டல் கோல்டு' இந்த இரண்டில் எதுவும் அல்ல. அது செபியின் கண்காணிப்பில் வருவதில்லை என்று செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. இதையும் ஃபண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கடிதத்தின் கடைசியில் வாசகி ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ஏனுங்க, இருக்கிற ரெண்டு வளையலையும் வித்து இதுலயே போட்டுடலாமான்னு கேட்டா வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க." அதற்குப் பதில், வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் விதைக்கும் உரத்துக்கும் நகைக்கடன் வாங்குவது அந்த வளையலை வைத்துத்தான். தங்க இ.டி.எஃப்., தங்க ஃபண்ட் யூனிட்டுகளை ஈடாகக் கொண்டு கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட தங்கக் கடன் விதிகளில் இருக்கிறது. யூனிட்டை விற்றுப் பணமாக்கலாம், அடகு வைத்து மீட்க முடியாது. மழை பொய்த்த ஆண்டில் இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும். மகளுக்கென்று புதிதாகச் சேர்ப்பது மட்டும் ஃபண்டில் போகட்டும்.

இன்னொன்று, மகள் கல்யாணத்தின்போது ஃபண்டை விற்ற பணத்தில் நகை செய்யப் போனால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் அன்றைக்குத் தனியாக வரும். யூனிட் கணக்கில் 20 கிராம் இருந்தால் 20 கிராம் நகை கிடைக்காது. நகையாகவே வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் அந்தச் செலவுக்கும் சேர்த்து மாதத் தவணையைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும்.

பால் பணம் கைக்கு வரும் தேதிக்கு இரண்டு நாள் தள்ளித் தவணை நாளை வைக்கச் சொல்வது நல்லது. அன்று வங்கிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஃபண்ட் நிறுவனம் அந்த மாதத்தை விட்டுவிடும். ஆனால் வங்கி தவணை திரும்பியதற்கு அபராதம் பிடிக்கும். 2,000 ரூபாய்த் தவணைக்கு அந்த ஒரு அபராதம், நேரடி ஃபண்டின் இரண்டாவது அடுக்கு ஓராண்டில் எடுப்பதைவிட அதிகமாகவே இருக்கலாம்.